500 லட்டுக்குப் போட்ட மாவில் வந்தது 452: ஒரு நெய் லட்டின் அடக்கத்தை எடை போட்டுப் பார்த்தது

காரிமங்கலம் பக்கத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு 500 நெய் லட்டு ஆர்டர். ஒரு லட்டு 40 கிராம், 11 ரூபாய் என்று பேசியிருந்தோம். பாலக்கோட்டில் எங்கள் மாமாவின் இனிப்புக் கடையில் பல வருஷமாக இருக்கும் கணக்கு, ஒரு கிலோ கடலை மாவுக்கு நூறு லட்டு. அதன்படி ஐந்து கிலோ மாவு கரைத்தோம். இரவு பத்தரைக்கு லட்டு பிடித்து முடித்து, தாம்பாளம் தாம்பாளமாக எண்ணினால் 452தான் இருந்தது. மறுபடி அடுப்பைப் பற்றவைத்து, அரைக் கிலோவுக்கு மேல் மாவு கரைத்து, பாகு காய்ச்சி, மீதி 48ஐயும் பிடித்துப் பெட்டியில் அடுக்கும்போது மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது.

மறுநாள் மாமாவிடம் ஒரு லட்டுக்கு நமக்கு என்ன அடக்கம் ஆகிறது என்று கேட்டேன். ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். மாவு 480, சர்க்கரை 440, நெய் இரண்டு கிலோ 1,240, முந்திரி திராட்சை ஏலக்காய் 370, கேஸ் 100, கூலி 560. மொத்தம் 3,190 ரூபாய். 500ஆல் வகுத்தால் ஒரு லட்டு 6 ரூபாய் 38 காசு. "லட்டுக்கு நாலு ரூபாய்க்கு மேல நிக்குதுப்பா, போதாதா?" என்றார்.

ஆனால் லட்டு 500 வரவில்லை. அதோடு நெய் இரண்டு கிலோ என்பது யாரும் நிறுத்துப் பார்த்த எண் இல்லை; வாயால் சொல்லிச் சொல்லி நிலைத்துவிட்ட எண். அதனால் அடுத்த முகூர்த்தத்துக்கு இதே ஐந்து கிலோ மாவு ஈட்டைப் போடும்போது, உள்ளே போவதையும் வெளியே வருவதையும் ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதினேன். கருவி என்று எதுவும் வாங்கவில்லை. கல்லாப் பக்கம் இருக்கும் 30 கிலோ மின்னணுத் தராசு, சூடான பாத்திரத்துக்கு அடியில் வைக்க ஒரு மரப்பலகை, ஒரு நாற்பது பக்க நோட்டு, அவ்வளவுதான். மாஸ்டரிடம் முன்பே சொல்லிவிட்டேன்: "அண்ணா, நீங்க எப்பவும் போலவே செய்யுங்க, நான் குறுக்க வர மாட்டேன், நடுநடுவுல தராசுல வெச்சு எடுத்துக்குறேன்." அவர் தன் போக்கை மாற்றிக்கொண்டால் எண்கள் பொய்யாகிவிடும் என்பதுதான் காரணம்.

விலையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் வாங்கியது சர்க்கரை கிலோ 44, கடலை மாவு 96, நெய் 15 கிலோ டின் 9,300, அதாவது கிலோ 620. சர்க்கரை ஆலை எங்கள் ஊரிலேயே இருக்கிறது என்றாலும் மொத்த வியாபாரி சொல்லும் விலைதான் எங்களுக்கும். 2025 செப்டம்பர் 22ஆம் தேதி நெய்க்கு ஜி.எஸ்.டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. நான் எழுதுவது அதற்குப் பிந்தைய விலை. கடை காம்போசிஷன் திட்டத்தில் இருப்பதால் கொள்முதலில் கட்டும் வரியைத் திரும்ப எடுக்க முடியாது. அது முழுக்க அடக்கத்திலேயே சேரும்.

முதலில் மாவு. ஐந்து கிலோ மாவுக்கு ஐந்தேகால் லிட்டர் தண்ணீர். பூந்திக் கரண்டியில் ஊற்றிப் பார்த்து, வால் இல்லாமல் முத்தாக விழும் வரைக்கும் மாஸ்டர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தார். மாவு பழையதா புதியதா, நைசா கொரகொரப்பா என்பதைப் பொறுத்து இது முன்னே பின்னே ஆகும். கரைத்த பாத்திரத்தில் ஒட்டி நின்றது 120 கிராம். நெய்யை வடிகட்டியபோது துணியில் தங்கிய கருகல் கசடு 340 கிராம், அதிலும் பாதிக்கு மேல் நெய்தான். ஆக, மாவில் போன சேதாரம் நான்கைந்து சதவீதத்துக்குள். உடைந்த பூந்தி, தட்டையான பூந்தி எல்லாம் லட்டுக்குள்ளேயே போய்விடுகிறது. கொஞ்சம் தூள் இருந்தால்தான் லட்டு பிடிக்கவும் வருகிறது, அதனால் அதைச் சேதாரத்தில் எழுதவில்லை. மாவில்தான் நிறையப் போகிறது என்று நினைத்திருந்தேன். அங்கே தேட எதுவும் இல்லை.

நெய்யில்தான் விஷயம். சட்டியில் எட்டு கிலோ ஊற்றிக் காய வைத்தோம். சூடான நெய்ச் சட்டியைத் தூக்கித் தராசில் வைப்பது ஆபத்து, யாரும் செய்யக் கூடாது. ஊற்றும் முன் டின்னை நிறுத்தேன், பொரித்து முடித்து நெய் கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கிய பிறகு துணியில் வடித்து மறுபடி டின்னில் ஊற்றி நிறுத்தேன். எட்டு கிலோ 5.6 ஆகியிருந்தது. போனது 2.4 கிலோ.

கரைத்த மாவில் இருக்கும் தண்ணீர் முக்கால்வாசிக்கு மேல் ஆவியாகிப் போய்விடும். அந்த இடத்தில் நெய் ஏறும். அதனால் ஐந்து கிலோ மாவு, பூந்தியாக வெளியே வரும்போது 7.4 கிலோ இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, பூந்தி குடித்த நெய் நஷ்டம் இல்லை. அது எடையாக லட்டுக்குள் இருக்கிறது, வாடிக்கையாளருக்கு அது ருசியாகவும் போகிறது. உண்மையில் வீணானது கசடிலும் தட்டிலும் துணியிலும் போன இருநூறு கிராம் போலத்தான். ஆனால் செலவு என்று எழுதும்போது 2.4 கிலோவும் வந்தாக வேண்டும்: 1,488 ரூபாய். மாவும் சர்க்கரையும் சேர்ந்தாலே 920தான். நெய் லட்டு வாங்குகிறவர் கொடுக்கும் காசில் பெரும்பங்கு நெய்க்குத்தான் என்பது இங்கே தெரிந்தது.

சரி, மாமா சொன்ன இரண்டு கிலோவுக்கும் 2.4 கிலோவுக்கும் வித்தியாசம் 250 ரூபாய்தான், பெரிதில்லை என்று தோன்றும். சட்டியில் மிச்சம் நின்ற 5.6 கிலோ என்ன ஆகிறது என்று பார்த்தபோதுதான் கணக்கு வேறு மாதிரி ஆனது.

எங்கள் கடையில் ஒரு டின் நெய்யை நான்கு ஈட்டுக்கு வைத்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ஈடு முடிந்ததும் குறைந்த அளவுக்குப் புது நெய் ஊற்றுவார்கள். நான்கு ஈட்டில் பூந்தி குடிப்பது 9.6 கிலோ. நான்காவது முடியும்போது டின்னில் 5.4 கிலோ பழைய நெய் நிற்கும். அதற்கு மேல் அதில் லட்டுப் பூந்தி பொரிக்க முடியாது. எப்படித் தெரியும் என்றால், பூந்தி போட்டதும் எழும் நுரை அடங்காமல் நிற்கும். நெய் தேன் நிறத்தைத் தாண்டிப் பழுப்பாகும். முன்பை விடச் சீக்கிரம் புகையும். பூந்தியும் மஞ்சளாக வராமல் சிவந்து வரும். நெய்யில் விழுந்து கருகும் மாவுத் துகள்தான் இதை வேகப்படுத்துகிறது. ஒவ்வொரு ஈட்டுக்கும் நடுவில் வடிகட்டினால் ஒரு ஈடு கூடுதலாகத் தாங்கும். பொரித்த தாவர எண்ணெய் எந்த அளவு கெட்டால் பயன்படுத்தக் கூடாது என்பதற்கு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து வரம்பு வைத்திருக்கிறது, திரும்பத் திரும்பச் சூடாக்குவதில் எண்ணெய் சிதைந்து உண்டாகும் போலார் பொருட்கள் 25 சதவீதம். அந்த நிலைக்குப் போவதற்கு வெகு முன்னாலேயே லட்டின் நிறமும் வாசனையும் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்த 5.4 கிலோவை மாஸ்டர் காராபூந்தி, ஓமப்பொடி பொரிக்கும் எண்ணெயோடு சேர்த்துத் தீர்த்துவிடுவார். வீணாகவில்லையே, அப்புறம் என்ன நஷ்டம் என்பதுதான் மாமாவின் கேள்வி. நானும் அதே இடத்தில் ஒரு நாள் முழுக்க நின்றுகொண்டிருந்தேன். பிறகு இப்படி யோசித்தேன்: இந்த நெய் இல்லாவிட்டால் காராபூந்திக்கு என்ன ஊற்றியிருப்போம்? கிலோ 130 ரூபாய் பாமாயில். அப்படியானால் காரச் சட்டிக்குள் போகும் அந்த நெய்யின் விலை 130தான். 620க்கு வாங்கியது 130 ஆகிவிட்டது, கிலோவுக்கு 490 போனது. 5.4 கிலோவுக்கு 2,646 ரூபாய். நான்கு ஈட்டுக்குப் பிரித்தால் ஈட்டுக்கு 661. இந்த 661ஐக் காராபூந்தி தலையில் எழுத முடியாது. அது நெய் கேட்கவில்லை. லட்டுதான் நெய் கேட்டது, லட்டுதான் அதைச் சுமக்க வேண்டும். ஐந்து கிலோ மாவின் விலையை விட, பத்து கிலோ சர்க்கரையின் விலையை விட இது அதிகம். ஆனால் எங்கள் கணக்கில் இதற்கு ஒரு வரிகூட இருந்ததில்லை.

அடுத்தது பாகு. சர்க்கரை பத்து கிலோ, தண்ணீர் நான்கு லிட்டர். கொதி வந்ததும் ஒரு கரண்டி பால் ஊற்றி, திரண்டு மேலே வரும் அழுக்கை எடுத்தோம். பிறகு மாஸ்டர் விரலில் தொட்டு ஒரு கம்பி வருகிறதா என்று பார்த்து இறக்கினார். இறக்கியதும் அண்டாவோடு தராசில் வைத்தேன். அண்டா எடை போக 12.9 கிலோ. அதாவது பத்து கிலோ சர்க்கரையோடு 2.9 கிலோ தண்ணீர் இன்னும் உள்ளே இருக்கிறது. லட்டின் எடையில் இந்தத் தண்ணீரும் சேர்ந்துதான் விற்கிறது. ஒரு கிலோ மாவுக்கு நான்கு கிலோ லட்டு எப்படி வருகிறது என்பதற்கு விளக்கம் இதில் இருக்கிறது: மாவு, அது குடித்த நெய், இரண்டு மடங்கு சர்க்கரை, சர்க்கரை பிடித்து வைத்திருக்கும் தண்ணீர்.

அதற்காகத் தண்ணீரை அதிகம் விட்டுவிட்டால் லாபம் என்று நினைக்கக் கூடாது. கம்பி வராமல் இறக்கிய பாகில் லட்டு நசநசவென்று இருக்கும், மூன்றாம் நாள் பூஞ்சணம் பிடிக்கும். மறுபக்கம், ஒரு கம்பி தாண்டி இரண்டு கம்பிக்குப் போய்விட்டாலும் கெடுதல். ஒரு முறை மாஸ்டர் போன் பேசப் போன நேரத்தில் பாகு முற்றி 12.3 கிலோவுக்கு வந்துவிட்டது. அந்த அறுநூறு கிராம் குறைவு பதினைந்து லட்டுக்குச் சமம். அதோடு பூந்தி பாகைக் குடிக்காமல், சர்க்கரை மேலேயே பூத்து நின்று, பிடித்த லட்டு உதிர்ந்தது. இறக்கிய பாகில் ஒரு தம்ளர் வெந்நீர் விட்டு மறுபடி கொதிக்க விட்டுத்தான் சரிசெய்தோம். அதிலிருந்து விரலில் கம்பி பார்ப்பதோடு தராசையும் பார்க்கிறோம். அதே அண்டா, அதே பத்து கிலோ சர்க்கரை என்றால், 13 கிலோவுக்குக் கொஞ்சம் கீழே வரும்போது கம்பி வந்திருக்கிறது. மூன்று ஈட்டிலும் அப்படித்தான். சர்க்கரை ஈரமாக இருந்தால் இந்த எண் மாறும், அதனால் விரலை விட்டுவிட முடியாது.

பூந்தியை அரித்து எடுக்கும் பக்குவமும் எடையைப் பாதிக்கிறது. லட்டுப் பூந்தி மொறுமொறுப்பாகக் கூடாது. சட்டியில் சலசலப்பு முழுக்க அடங்கும் முன்னாலேயே அரித்து எடுக்க வேண்டும். ஒரு முறை கூடுதலாக வெந்ததில் பூந்தி 7.4க்குப் பதில் 7 கிலோ இருந்தது. அது கடினமாகிப் பாகையும் மெதுவாகவே குடித்தது.

பூந்தி 7.4, பாகு 12.9, முந்திரி திராட்சை ஏலக்காய் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கீழே, மேலே காய்ச்சி ஊற்றிய நெய் கால் கிலோ. எல்லாம் சேர்ந்தால் 21 கிலோ. லட்டாகத் தாம்பாளத்தில் நின்றது 20.2 கிலோ. நடுவில் போன 800 கிராமில் பெரும்பகுதி ஆவி. சூடான பாகைப் பூந்தியில் ஊற்றிக் கிளறும்போது அரைக் கிலோ வரைக்கும் ஆவியாகவே போய்விடுகிறது. அண்டாவில் ஒட்டிய பாகு 200 கிராம், கையிலும் தட்டிலும் மீதி.

20.2 கிலோவை 40 கிராமால் வகுத்தால் 505 லட்டு. அந்த ஈட்டில் வந்தது 455. அதாவது ஒரு லட்டு சராசரி 44 கிராம். முதல் இரவு நடந்ததும் இதுதான். யாரும் எதையும் திருடவில்லை, மாவும் குறையவில்லை, லட்டு பெரிதாகிவிட்டது.

எங்கே பெரிதாகிறது என்று பார்க்க, ஒவ்வொரு தாம்பாளத்திலிருந்தும் பத்து லட்டை எடுத்து நிறுத்தேன். முதல் தாம்பாளம் பத்து லட்டு 412 கிராம். மூன்றாவது 440. கடைசித் தாம்பாளம் 468. கலவை சூடாக இருக்கும்போது சின்னப் பிடியே ஒட்டிக்கொள்கிறது. ஆற ஆற அது பிடிபடாமல் உதிர்வதால் கை தானாகவே கொஞ்சம் கூடுதலாக அள்ளுகிறது. மாஸ்டரும் கூட வேலை செய்யும் அக்காவும் இருபது வருஷமாக லட்டு பிடிப்பவர்கள், இருவர் கையிலும் இதே ஏற்றம் இருந்தது. இது கவனக்குறைவு இல்லை, கலவையின் சூடுதான் காரணம்.

இப்போது முழுக் கணக்கு, அந்த ஒரு ஈட்டுக்கு:

கடலை மாவு 5 கிலோ: 480
சர்க்கரை 10 கிலோ: 440
பொரிக்கும்போது போன நெய் 2.4 கிலோ: 1,488
மேலே ஊற்றிய நெய் 250 கிராம்: 155
முந்திரி, திராட்சை, ஏலக்காய், கிராம்பு, பச்சைக் கற்பூரம்: 370
கேஸ் 1.3 கிலோ: 125
கூலி, இருவருக்கு மூன்றரை மணி நேரம்: 560
பழைய நெய் விலை இறங்கியதில் இந்த ஈட்டின் பங்கு: 661

மொத்தம் 4,279 ரூபாய். கிலோவுக்கு 212. வந்த 455 லட்டால் வகுத்தால் ஒரு லட்டு 9 ரூபாய் 40 காசு. கேஸை எப்படி அளந்தேன் என்றால், 19 கிலோ சிலிண்டரை முன்னும் பின்னும் நிறுத்தேன், அவ்வளவுதான். வாடகை, கரண்ட், பெட்டி, வண்டி எதுவும் இதில் இல்லை. 11 ரூபாய்க்குக் கொடுத்த லட்டில் அவற்றுக்கெல்லாம் நின்றது 1 ரூபாய் 60 காசு. மாமா நினைத்திருந்தது 4 ரூபாய் 62 காசு. நோட்டைக் காட்டியதும் நீண்ட நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, 661 என்ற வரியின் மேல் விரலை வைத்து, "இதைக் குறைக்க முடியுமா பாரு" என்றார்.

அதற்காக முதலில் சட்டியை மாற்றினோம். இருந்தது அகலமான சட்டி. எட்டு கிலோ ஊற்றினால்தான் பூந்தி மிதக்கும் ஆழம் கிடைக்கும். வாய் குறுகி ஆழமாக இருக்கும் வேறொன்றில் ஆறு கிலோவே போதுமானது. நான்காவது ஈட்டுக்கு முழுசாக நிரப்பாமல் நாலரை கிலோவோடு ஓட்டினோம். கடைசியில் மிச்சம் நின்றது 2.1 கிலோ. ஈட்டுக்கு 661 ஆக இருந்தது 257 ஆனது.

ஆனால் முதல் ஈட்டிலேயே ஒரு சிக்கல். நெய் குறைவாக இருப்பதால் மாவு விழுந்ததும் சூடு சட்டென்று இறங்கியது. பூந்தி அடியில் போய் உட்கார்ந்து, மெதுவாக எழும்பி, நெய்யை நிறையக் குடித்தது. போன நெய் 2.4க்குப் பதில் 2.6 கிலோ. சட்டியை மாற்றி மிச்சம் பிடித்ததில் நூறு ரூபாய்க்கு மேல் இந்த வழியில் திரும்பிப் போய்விட்டது. பூந்திக் கரண்டியில் ஒரு தடவைக்கு ஊற்றும் மாவைக் குறைத்தோம், அடுத்ததை ஊற்றும் முன் ஒரு சொட்டு மாவு விட்டு அது உடனே மேலே வருகிறதா என்று பார்த்தோம். பொரிக்கும் நேரம் இருபது நிமிஷம் கூடியது.

வடிப்பதிலும் ஒன்று கற்றுக்கொண்டோம். பூந்தி நெய்யைக் குடிப்பது பெரும்பாலும் சட்டிக்குள் இருக்கும்போது இல்லை. வெளியே எடுத்து ஆறும்போதுதான். உள்ளே இருந்த நீராவி குளிர்ந்து சுருங்குவதால் மேலே ஒட்டியிருக்கும் நெய்யை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதனால் சட்டிக்கு மேலேயே ஜாரணியைப் பிடித்து உலுக்கி, அந்த நெய்யைச் சூட்டோடு உதிர்த்துவிட வேண்டும். மாஸ்டர் ஐந்தாறு வினாடியில் கொட்டிவிடுவார். அரை நிமிஷம் பிடித்து உலுக்கியதையும் அவர் வழக்கப்படி கொட்டியதையும் ஒரே அளவு மாவில் நிறுத்துப் பார்த்தோம். ஒரு கரண்டி மாவுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு கிராம் வித்தியாசம். ஒரு ஈட்டுக்கு இருபத்தைந்து கரண்டிக்கு மேல் வரும். இதைச் செய்ததும் 2.6 மறுபடி 2.4க்கு வந்தது. அதற்குக் கீழே இறக்கப் பார்க்கவில்லை. நெய் லட்டில் நெய் தெரியத்தான் வேண்டும்.

லட்டின் எடைக்கு, ஐஸ்கிரீம் அள்ளும் அரைவட்டக் கரண்டி ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அதில் வழித்து எடுத்தால் 41 கிராம் வருகிறது. ஒரு கிராம் கூடுதலாக வைத்தது வேண்டுமென்றேதான். மறுநாளைக்குள் லட்டு காய்ந்து ஒரு கிராம் வரைக்கும் குறைகிறது. 40 என்று சொல்லி விற்பது, வாங்குகிறவர் வீட்டுத் தராசிலும் 40 இருக்க வேண்டும். முதலில் மாஸ்டருக்குக் கரண்டி பிடிக்கவில்லை. "கையில எடுத்தாதாம்பா உருண்டை நிக்கும்" என்றார். கரண்டி அளவு பார்ப்பதற்கு மட்டும், உருட்டுவது கையால்தான் என்று ஆனதும் ஒத்துக்கொண்டார். கலவையையும் ஒரே பாத்திரத்தில் ஆற விடாமல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை மூடி வைக்கிறோம், கடைசித் தாம்பாளம் வரைக்கும் சூடு நிற்கிறது.

இப்படிச் செய்த ஈட்டில் கணக்குப்படி வர வேண்டியது 492, வந்தது 488. மொத்தச் செலவு 3,875. ஒரு லட்டு 7 ரூபாய் 94 காசு. முன்பை விட ஒன்றே கால் ரூபாய்க்கு மேல் இறங்கியிருக்கிறது, பொருளில் ஒரு கிராம்கூடக் குறைக்காமல். ஆர்டருக்கு இனி கிலோவுக்கு நூறு என்ற கணக்கு கிடையாது. 500 வேண்டுமென்றால் 5.2 கிலோ மாவு.

இதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், பாமாயிலில் பொரித்து மேலே மட்டும் நெய் ஊற்றினால் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். அதே 2.4 கிலோவுக்கு 1,488க்குப் பதில் 312. மிச்சம் நிற்பதும் எண்ணெயாகவே காரத்துக்குப் போவதால் விலை இறங்கும் இழப்பு அநேகமாக இல்லை. லட்டுக்கு ஏறக்குறைய 3 ரூபாய் குறையும். எங்கள் கடையிலும் அந்த லட்டு இருக்கிறது. அதை லட்டு என்று விற்கிறோம், நெய் லட்டு என்று இல்லை, விலையும் வேறு. மறுநாள் இரண்டையும் உடைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்: நெய்யில் பொரித்தது ஆறிய பிறகு உள்ளே இறுகி மணலாக உதிரும், எண்ணெய் லட்டு கையில் பிசுக்காக நிற்கும்.

இந்தக் கணக்கில் இன்னும் சரியாகாதது அண்டாவில் ஒட்டும் 200 கிராம் பாகு. பூந்தியைப் பாகு காய்ச்சும் அண்டாவிலேயே கொட்டிக் கிளறினால் அது குறையும், ஆனால் எங்கள் அண்டா 7.4 கிலோ பூந்தியைக் கொள்ளாது. ஒரு படி பெரிய அண்டா கிருஷ்ணகிரியில் ஒரு பாத்திரக் கடையில் பார்த்து வைத்திருக்கிறேன். ஐப்பசி முகூர்த்தங்களுக்கு முன் வாங்கிவிட்டால், அதன் எடையை நோட்டின் அடுத்த பக்கத்தில் முதல் வரியாக எழுத வேண்டும்.